சமப்பட்ட கணக்கு மறைத்தது என்ன? வெனிஸ் முதல் நமது கடைத்தெரு வரை

உயர்தர வர்த்தகப் பிரிவுக்குக் கணக்கீடு படிப்பிக்கும் நாம் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரே காட்சியைப் பார்க்கிறோம். பரீட்சை மீதியின் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்ததும் பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். "சேர், வந்துட்டு!" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடை வைத்திருக்கும் நம்மூர் நானாமார் சிலரிடமும் இதே பழக்கம் உண்டு. கணக்கு எழுதும் பையன் "ரெண்டு பக்கமும் சரி" என்று சொன்னால் வருடக் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் "ரெண்டு பக்கமும் சரி" என்பதற்கும் "கணக்கு சரி" என்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றி ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக ஆட்கள் மண்டையை உடைத்திருக்கிறார்கள். அதை முற்றாக மூடிவிட்டேன் என்று சொல்லி அரச காப்புரிமை பெற்ற ஒருவரும் இருந்தார். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

முதலில் வெனிஸ் நகரத்துக்குப் போவோம். 1494 இல் லூக்கா பச்சியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி கணிதம் பற்றிய பெரிய நூல் ஒன்றை அங்கே அச்சிட்டு வெளியிட்டார். அதில் ஒரு பகுதி வியாபாரிகள் கணக்கு எழுதும் முறை பற்றியது. இரட்டைப் பதிவை அவர் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலிய வியாபாரிகள் அதற்கு முன்பே அதைப் பயன்படுத்தி வந்தார்கள். அவர்கள் செய்ததை ஒழுங்காக எழுதி, அச்சில் எல்லோருக்கும் கிடைக்கச் செய்தவர் அவர்.

பச்சியோலி சொன்ன முறையில் மூன்று கொப்பிகள் உண்டு. முதலாவது குறிப்பேடு. அன்றாடம் வாங்கியது, விற்றது எல்லாம் நடந்த உடனேயே அதில் எழுதப்படும். வீட்டிலுள்ள யாரும், எழுதத் தெரிந்தால், அதில் எழுதலாம். இரண்டாவது நாளேடு. குறிப்பேட்டிலுள்ளதை ஒழுங்குபடுத்தி, எது வரவு, எது செலவு என்று பிரித்து அதில் எழுத வேண்டும். மூன்றாவது பேரேடு. நாளேட்டிலுள்ள ஒவ்வொரு பதிவும் பேரேட்டில் இரண்டு இடங்களுக்குப் போகும்: ஒரு கணக்கில் வரவு, இன்னொரு கணக்கில் செலவு.

பேரேடு நிரம்பி அடுத்த பேரேட்டுக்கு மாறும்போது இரண்டு சோதனைகளைச் செய்யச் சொன்னார். ஒன்று, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வது. அவர் கையில் நாளேடு, நம் கையில் பேரேடு. அவர் ஒவ்வொரு பதிவாக வாசிக்க, நாம் பேரேட்டில் அதைத் தேடிப் பிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். மற்றது, பேரேட்டின் வரவுகளை எல்லாம் ஒரு தாளின் இடப்பக்கத்திலும் செலவுகளை எல்லாம் வலப்பக்கத்திலும் எழுதிக் கூட்டுவது. இரண்டும் சமமானால் பேரேடு சரி என்று கொள்ளலாம். இல்லாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது, தேட வேண்டும். இன்று நமது பிள்ளைகள் பரீட்சை மீதி என்று படிப்பது இந்த இரண்டாவது சோதனையின் வழிவந்ததுதான்.

காலப்போக்கில் இரண்டாவது சோதனை மட்டும் பெரிதாகிவிட்டது. புள்ளி வைக்கும் வேலைக்கு இரண்டு பேரும் பல நாட்களும் தேவை. கூட்டிப் பார்க்க ஒரு தாள் போதும். சுலபமானது நிலைத்துவிட்டது.

இனி அந்த ஒரு தாள் எதை மறைக்கக்கூடும் என்று பார்ப்போம். கற்பனையாக ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். நானாவும் தம்பியும் சேர்ந்து சம பங்கில் நடத்துகிறார்கள். இது முதல் வருடம், ஆகவே ஆரம்பச் சரக்கு இல்லை. மார்ச் 31 அன்று பேரேட்டு மீதிகள் இப்படி:

வரவு மீதிகள்
காசும் வங்கியும் – 185,000
கடன்பட்டோர் – 140,000
கொள்வனவு – 620,000
கடை வாடகை – 60,000
தளபாடம் – 95,000
மொத்தம் – 1,100,000

செலவு மீதிகள்
மூலதனம் – 300,000
கடன்கொடுத்தோர் – 110,000
விற்பனை – 690,000
மொத்தம் – 1,100,000

பதினொரு இலட்சம், பதினொரு இலட்சம். ஒரு சதம் வித்தியாசம் இல்லை. அன்றிரவு கடையிலுள்ள சரக்கை எண்ணிப் பார்த்தால் வாங்கிய விலைப்படி 90,000 ரூபா. தளபாடத்தின் பெறுமானத் தேய்வை இப்போதைக்கு விட்டுவிடுவோம். விற்ற சரக்கின் கிரயம் 620,000 இலிருந்து 90,000 ஐக் கழிக்க 530,000. விற்பனை 690,000. மொத்த இலாபம் 160,000. வாடகை 60,000 போகத் தேறிய இலாபம் 100,000 ரூபா. நானாவுக்கு 50,000, தம்பிக்கு 50,000. இரண்டு பேரும் ஏப்ரல் முதல் வாரத்தில் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் வீட்டுக்குக் கூரை போடுகிறார், மற்றவர் மகளின் படிப்புக்குக் கட்டுகிறார்.

மூன்றாவது வாரம் புறக்கோட்டை மொத்த வியாபாரியின் ஆள் வருகிறார். "மார்ச் 29 பில், நாப்பதாயிரம்." நானா பேரேட்டைப் புரட்டுகிறார். அப்படி ஒரு பில் இல்லை. தம்பியைப் பார்க்கிறார். "சாமான் எடுத்தது நீதானே?" தம்பிக்கு முகம் மாறுகிறது. பங்காளிச் சண்டை பலதும் இப்படித்தான் தொடங்குகிறது. யாரும் ஒரு சதமும் திருடவில்லை, ஆனாலும் இருவர் மனதிலும் சந்தேகம் வந்துவிடுகிறது.

நடந்தது இதுதான். மார்ச் 29 அன்று லொறியில் வந்த துணிகள் இறக்கி அடுக்கப்பட்டன. பில் தம்பியின் சேர்ட் பொக்கற்றில் இருந்து, சலவைக்குப் போய், காணாமல் போய்விட்டது. பில் கொள்வனவு நாளேட்டுக்கு வரவே இல்லை. ஆகவே கொள்வனவுக் கணக்கில் 40,000 குறைவு, கடன்கொடுத்தோர் கணக்கிலும் 40,000 குறைவு. வரவிலும் செலவிலும் ஒரே தொகை விடுபட்டதால் தராசு அசையவில்லை. இதுதான் விடுபடல் வழு.

ஆனால் அந்தத் துணி கடையில் இருந்தது. மார்ச் 31 அன்று எண்ணிய 90,000 ரூபா சரக்கில் அதுவும் சேர்ந்தே எண்ணப்பட்டது. சரக்கை எண்ணினார்கள், அதற்கான கடனை எழுதவில்லை. அதனால் அந்த 40,000 ரூபாவும் நேரே இலாபமாக மாறிவிட்டது. லொறி ஏப்ரலில்தான் வந்திருந்தால் சரக்கும் எண்ணப்பட்டிருக்காது, இலாபமும் கெட்டிருக்காது. விடுபடல் வழுவில் ஆபத்தானது இந்தக் கலவைதான்: பொருள் உள்ளே, பில் வெளியே.

அந்தப் பேரேட்டில் இன்னும் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று, வாடிக்கையாளர் ஒருவருக்குக் கடனுக்கு விற்ற 45,000 ரூபா பில்லை அவருடைய கணக்கில் 54,000 என்று பதிந்திருந்தார்கள். கடன்பட்டோர் 9,000 கூடிவிட்டது. மற்றது, விற்பனை நாளேட்டில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை 278,000. அதை அடுத்த பக்கத்தின் தலையில் 287,000 என்று கொண்டு சென்றார்கள். விற்பனையும் 9,000 கூடிவிட்டது. ஒன்று வரவுப் பக்கம், மற்றது செலவுப் பக்கம். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஒன்றை மற்றது மூடிவிட்டது. இதுதான் ஈடுசெய் வழு.

"இரண்டு பிழையும் சரியாக 9,000 ஆக வருவதா? அது பாடப்புத்தகத்தில்தான் நடக்கும்" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இலக்கங்களை இடம் மாற்றி எழுதும்போது வரும் வித்தியாசம் எதேச்சையான தொகையாக இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9 ஆல் வகுபடும். ஆயிரம், பத்தாயிரம் இடங்களில் அது நடந்தால் வரக்கூடியவை 9,000, 18,000, 27,000 என்று 81,000 வரை ஒன்பது தொகைகள் மட்டுமே. களைத்த கை ஒரு வருடத்தில் பல தடவை இப்படி எழுதும். அவற்றில் இரண்டு ஒரே தொகையாக அமைவது நாம் நினைக்கும் அளவுக்கு அபூர்வமல்ல. ஒரு பிழை மட்டும் இருந்தால் பரீட்சை மீதி 9,000 வித்தியாசம் காட்டும். அனுபவமுள்ளவர் "ஒன்பதால வகுபடுதே, இலக்கம் மாறியிருக்கும்" என்று தேடத் தொடங்குவார். இரண்டு பிழையும் இருந்தால் அந்தத் துப்பும் கிடைக்காது.

மூன்றையும் திருத்தினால் என்ன வரும்? விற்பனை 681,000. கொள்வனவு 660,000. அதிலிருந்து சரக்கு 90,000 ஐக் கழிக்க, விற்றதன் கிரயம் 570,000. மொத்த இலாபம் 111,000. வாடகை போக 51,000. ஒருவரின் பங்கு 25,500 ரூபா. எடுத்ததோ 50,000. அதாவது ஒவ்வொருவரும் 24,500 ரூபாவை இல்லாத இலாபத்திலிருந்து, உண்மையில் தமது மூலதனத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். திருத்திய பரீட்சை மீதியின் மொத்தம் இரு பக்கமும் 1,131,000. பிழையோடும் சமம், சரியோடும் சமம்.

இந்த இடத்தில்தான் பிரிஸ்டல் நகரக் கணக்காளர் எட்வர்ட் தோமஸ் ஜோன்ஸ் வருகிறார். 1796 இல் அவர் "ஆங்கிலக் கணக்குப் பதிவு முறை" என்று தன் பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். அதற்கு அரச காப்புரிமையும் பெற்றார். இத்தாலிய முறையின் மேல் அவர் வைத்த குற்றச்சாட்டு நாம் மேலே பார்த்ததேதான்: இரண்டு பக்கமும் சமப்பட்டாலும் உள்ளே பொய் இருக்கலாம், கெட்டிக்காரன் ஒருவன் அந்தச் சமநிலையையே திரையாகப் பிடித்துக்கொண்டு மோசடி செய்யலாம். தனது முறையில் மிக அற்பத் தொகைப் பிழைகூடக் கவனிக்கப்படாமல் போகவே முடியாது என்று நூலின் நீண்ட தலைப்பிலேயே அவர் எழுதினார். நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மொழிபெயர்க்கப்பட்டது.

அவருடைய முறையின் உள்ளமைப்பு இது. நாளேட்டில் தொகைக்கு மூன்று நிரல்கள். நடுநிரலில் எல்லாத் தொகைகளும் வரும். அதே தொகை, வரவானால் இடது நிரலிலும் செலவானால் வலது நிரலிலும் மீண்டும் எழுதப்படும். இடதையும் வலதையும் கூட்டினால் நடுநிரல் வர வேண்டும். பேரேட்டில் வருடத்தை மூன்று மாதத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். அந்தந்தக் காலத்தில் பேரேட்டில் விழுந்த வரவுகளின் மொத்தம், நாளேட்டின் இடது நிரல் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். செலவுக்கும் அப்படியே. அதாவது பேரேட்டின் ஒரு பக்கத்தை அதன் மறுபக்கத்தோடு ஒப்பிடாமல், அது எங்கிருந்து வந்ததோ அந்த நாளேட்டோடு ஒப்பிட்டார்.

நமது துணிக்கடையில் ஜோன்ஸின் கொப்பி இருந்திருந்தால்? 45,000 ஐ 54,000 என்று பதிந்தது பிடிபட்டிருக்கும், ஏனெனில் பேரேட்டின் வரவு நிரல் நாளேட்டை விட 9,000 கூடுதலாக நின்றிருக்கும். 278,000 ஐ 287,000 என்று கொண்டு சென்றதும் பிடிபட்டிருக்கும், ஏனெனில் பக்க நிரல்கள் நடுநிரலோடு ஒத்திருக்காது. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத் தன் மூலத்தோடு ஒப்பிடப்படுவதால் வரவுப் பிழையைச் செலவுப் பிழை மூட முடியாது. ஈடுசெய் வழுவுக்கு இது நல்ல மருந்து. பச்சியோலி சொன்ன புள்ளி வைக்கும் சோதனையின் வேலையைக் கூட்டுத்தொகைகளைக் கொண்டே பெரும்பகுதி செய்துவிட்டார் என்று சொல்லலாம்.

ஆனால் சலவைக்குப் போன அந்தப் பில்? நாளேட்டின் மூன்று நிரலிலும் அது இல்லை. பேரேட்டின் எந்தக் காலாண்டிலும் இல்லை. எல்லா நிரலும் அழகாக ஒத்துப்போயிருக்கும். அற்பப் பிழையும் தப்பாது என்று எழுதியவரின் கொப்பியில் நாற்பதாயிரம் ரூபா சத்தமில்லாமல் தப்பியிருக்கும். நாளேட்டிலிருந்து பேரேட்டுக்குப் போகும் வழியில் விடுபட்டதை ஜோன்ஸின் முறை பிடிக்கும். நாளேட்டுக்கே வராததைப் பிடிக்காது. ஒரு கொப்பியை எத்தனை விதமாகக் கூட்டினாலும், அதில் எழுதப்படாததை அது காட்டித்தராது.

எதிர்ப்பு உடனே வந்தது. அதே 1796 இல் ஜேம்ஸ் மில் என்பவர் ஜோன்ஸின் முறை போதாது, இத்தாலிய முறையே மேல் என்று தனி நூலே எழுதினார். ஜோன்ஸின் முறை அடிப்படையில் ஒற்றைப் பதிவுதான். ஆட்களின் கணக்கு இருந்தது, கொள்வனவு, விற்பனை, வாடகை போன்றவற்றுக்குத் தனிக் கணக்குகள் இல்லை. இலாபம் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது. பிற்காலத்தில் ஜோன்ஸ் தானே இரட்டைப் பதிவுக்குத் திரும்பினார், தன் நிரல் யோசனையை அதற்குள் கொண்டுபோனார். அவர் தோற்றார் என்று ஒரே வார்த்தையில் சொல்வது நியாயமில்லை. நோயைச் சரியாகக் கண்டார். ஒரு நோய்க்கு மருந்து கொடுத்தார். மற்ற நோய்க்கும் அதே மருந்து போதும் என்று நினைத்ததுதான் பிசகு.

அந்த மற்ற நோய்க்கு மருந்து கொப்பிக்கு வெளியேதான் இருக்கிறது என்பதைக் கணக்காய்வுத் தொழில் ஒழுங்கான விதியாக ஏற்க இன்னும் நீண்ட காலம் எடுத்தது. 1938 டிசம்பரில் அமெரிக்காவில் மெக்கெசன் அன்ட் ரொபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தில் ஒரு மோசடி வெளிவந்தது. ஏறத்தாழ 87 மில்லியன் டொலர் சொத்து இருப்பதாகக் காட்டிய நிறுவனத்தில் ஏறத்தாழ 19 மில்லியன் வெறும் எழுத்தாக இருந்தது. இல்லாத சரக்கு, இல்லாத கடன்பட்டோர். பொய்ப் பெயரில் தலைவராக இருந்த பிலிப் மூசிக்காவும் அவருடைய சகோதரர்களும் எழுதிய கணக்கு முறைப்படி சமப்பட்டே இருந்தது. வருடாவருடம் கணக்காய்வாளர் பார்த்தார்கள். ஆனால் களஞ்சியத்துக்குப் போய்ச் சரக்கைப் பார்ப்பதோ, கடன்பட்டோருக்கு நேரடியாகக் கடிதம் எழுதிக் கேட்பதோ அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. 1939 இல் அமெரிக்கக் கணக்காளர் அமைப்பு இரண்டையும் வழமையான கணக்காய்வு நடைமுறையாக்கியது.

மெக்கெசனில் இல்லாததை எழுதினார்கள். நமது துணிக்கடையில் இருந்ததை எழுதவில்லை. திசை எதிர், ஆனால் இரண்டையும் பரீட்சை மீதி ஒரே மாதிரி மறைத்தது. பிடிக்கும் வழியும் ஒன்றுதான்: கொப்பிக்கு வெளியே போய்ப் பார்ப்பது.

நானாவும் தம்பியும் பங்கு எடுப்பதற்கு முன் என்ன செய்திருக்கலாம்? மூன்று காரியம், ஒரு பின்னேரம் போதும்.

முதலாவது, விலையைக் கொண்டு பார்ப்பது. அவர்கள் வாங்கிய விலையில் நூற்றுக்கு இருபது வைத்து விற்பவர்கள். கணக்கின்படி விற்றதன் கிரயம் 530,000. இருபது வீதம் கூட்டினால் விற்பனை 636,000 தான் வரலாம். கணக்கில் இருப்பதோ 690,000. யாரும் விலையைக் கூட்டி விற்கவில்லை, அப்படியானால் 54,000 ரூபா எங்கிருந்து வந்தது? இலாபம் நாம் வைக்கும் விலையை மீறி வந்தால் சந்தோசப்பட முன் சந்தேகப்பட வேண்டும். ஒன்றில் விற்பனை கூடியிருக்கிறது, அல்லது கொள்வனவு விடுபட்டிருக்கிறது. இங்கே இரண்டும் நடந்திருக்கிறது. திருத்திய கணக்கில் கிரயம் 570,000, இருபது வீதம் கூட்ட 684,000, விற்பனை 681,000. மிச்சம் 3,000 தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தது. இப்போது கணக்கு கடையோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது, கடன்பட்டோரிடம் கேட்பது. "காக்கா, உங்கட கணக்கு 54,000 என்று நிக்குது, சரியா?" என்று ஒரு அழைப்பு. "இல்லையே, 45,000 தானே, பில் என்னட்ட இருக்கு" என்று பதில் வரும். கூடுதலாகக் காட்டினால் அவர் சும்மா இருக்கமாட்டார். அதைத் திருத்தியதும் ஒரு விசித்திரம் நடக்கும்: இதுவரை சமப்பட்டிருந்த பரீட்சை மீதி 9,000 ஆல் பிசகும். பயப்பட வேண்டாம். மூடியிருந்த மற்றப் பிழை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. செலவுப் பக்கத்தில் 9 ஆல் வகுபடும் வித்தியாசம் என்று தேடினால் விற்பனை நாளேட்டின் அந்தப் பக்கத் தலை அகப்படும்.

மூன்றாவது, கடன்கொடுத்தோரிடம் கேட்பது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கடன்பட்டோரில் பெரிய தொகைக்காரரிடம் முதலில் கேட்போம். கடன்கொடுத்தோரில் அப்படிச் செய்தால் விடுபட்டது அகப்படாது. பில் விடுபட்ட வியாபாரியின் கணக்கு நமது கொப்பியில் சிறிதாகவோ பூச்சியமாகவோதான் நிற்கும். ஆகவே வழமையாகச் சாமான் எடுக்கும் எல்லோரிடமும், மீதி பூச்சியமாக இருப்பவரிடமும் மார்ச் 31 வரையான கூற்றைக் கேட்க வேண்டும். அதோடு மார்ச் கடைசி வாரத்தில் இறங்கிய ஒவ்வொரு பொதிக்கும் பில் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நமது விற்பனை பில்களில் தொடர் இலக்கம் இருப்பதால் ஒன்று குறைந்தால் தெரியும். ஆனால் மற்றவர்கள் நமக்குத் தரும் பில்களில் நமது தொடர் இலக்கம் இல்லை. அதற்காகத்தான் சாமான் இறங்கும் இடத்திலேயே ஒரு கொப்பி வைத்து, இலக்கம் போட்டு, திகதியும் ஆளும் பொதியும் எழுதச் சொல்கிறோம். பச்சியோலி சொன்ன குறிப்பேட்டின் வேலையும் இதுதான்: நடந்ததை நடந்த உடனே, நடந்த இடத்தில் எழுதுவது. கடைவாசலிலேயே எழுதினால் பில் சலவைக்குப் போனாலும் பரவாயில்லை.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வழுக்களைத் திருத்தும் கேள்வி வந்தால் கை தானாகத் தொங்கல் கணக்குக்குப் போகிறது. தொங்கல் கணக்கு, பரீட்சை மீதி சமப்படாதபோது வித்தியாசத்தை வைத்திருக்கும் இடம். சமப்பட்டிருந்தால் அது திறக்கப்படவே இல்லை. விடுபட்ட பில்லுக்கு: கொள்வனவுக் கணக்கு வரவு 40,000, கடன்கொடுத்தோர் கணக்கு செலவு 40,000. ஈடுசெய் வழுவுக்கு: விற்பனைக் கணக்கு வரவு 9,000, கடன்பட்டோர் கணக்கு செலவு 9,000. அவ்வளவுதான். முதலில் "இந்த வழு இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் பாதித்ததா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் தொங்கல் கணக்குக்கு அங்கே வேலையில்லை.

மற்றது, எல்லா ஈடுசெய் வழுவும் இலாபத்தைக் கெடுக்கும் என்று எழுதிவிடாதீர்கள். நமது உதாரணத்தில் ஒன்று விற்பனையிலும் மற்றது கடன்பட்டோரிலும் விழுந்ததால் இலாபம் 9,000 கூடியது. இரண்டும் கொள்வனவிலும் விற்பனையிலும் விழுந்திருந்தால் இலாபம் மாறியிருக்காது. இரண்டும் ஐந்தொகைக் கணக்குகளில் மட்டும் விழுந்தாலும் அப்படியே. எந்தக் கணக்குகள் என்று பார்த்த பின்புதான் விடை.

நானாவுக்கும் தம்பிக்கும் இனிச் செய்ய இருப்பது, ஆளுக்கு 24,500 ரூபாவைக் கடைக்குத் திருப்பி வைப்பது அல்லது அடுத்த வருடப் பங்கில் கழித்துக்கொள்வது என்று எழுதி ஒப்பமிடுவது. புறக்கோட்டைக்காரரின் நாற்பதாயிரத்தைக் கொடுப்பதற்கு முன் அவருடைய பில்லின் பிரதியை வாங்கி, மார்ச் 29 இல் இறங்கிய துணியோடு ஒப்பிட்டு, பிறகு கொடுப்பது. தம்பியைப் பார்த்த அந்தப் பார்வைக்கு நானா ஒரு வார்த்தை சொன்னாலும் நல்லதுதான்.

உங்கள் கடைக் கணக்கும் இரண்டு பக்கமும் சமப்பட்டு வந்திருந்தால், பங்கு பிரிக்க முன், மீதி பூச்சியம் என்று நிற்கும் வியாபாரிகளுக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று இதன் கீழே எழுதுங்கள், வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க உதவும்.